கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் அதுவும் செய்திதான்: தீர்வு இதழியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இதழியல் படிக்கும் பிள்ளைகளும், அம்பை, நாங்குநேரி பக்கத்துத் தாலுகா நிருபர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. உதாரணத்துக்கு ஊர் ஊராக அலையாமல் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: குளத்துப் பாசனமும் கடைமடை வயலும். திருநெல்வேலிச் சீமையில் இதைத் தெரியாத ஆள் கிடையாது.

"தீர்வு இதழியல்னா நல்ல செய்தி போடறதுதானே சார்?"

இல்லை. நல்ல செய்தி படிப்பவரைச் சந்தோஷப்படுத்தினால் போதும். தீர்வுச் செய்தி, ஒரு பிரச்சினைக்கு யாரோ எங்கோ செய்து பார்க்கிற வேலையை எடுத்து, அது உண்மையிலேயே பலன் தருகிறதா, எப்படித் தருகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று துருவுகிறது. துருவிப் பார்த்து "பலன் இல்லை" என்று தெரிந்தால் அப்படியே எழுத வேண்டும். அதுவும் தீர்வுச் செய்திதான்.

அமெரிக்காவில் டேவிட் பார்ன்ஸ்டீன், டினா ரோசன்பெர்க் இருவரும் நியூயார்க் டைம்ஸில் 2010 முதல் இந்த மாதிரிப் பத்தி எழுதினார்கள். பிறகு 2013ல் கோர்ட்னி மார்ட்டினும் சேர்ந்து சொல்யூஷன்ஸ் ஜர்னலிசம் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரும் இலக்கணமும் பரவியது அவர்களால்தான். ஆனால் பக்கத்து ஊர்க்காரன் எப்படிச் சமாளித்தான் என்று விசாரிக்கிற பழக்கம் நமக்குப் புதிது இல்லை. அதைச் செய்தியறையின் கறார்த்தனத்தோடு செய்வதுதான் புதிது.

"அப்போ பிரச்சினையை எழுதுறது பழைய பாணியா?"

பழையதும் இல்லை, தப்பும் இல்லை. மணல் கொள்ளையையோ ஆற்றில் சாக்கடை கலப்பதையோ அம்பலப்படுத்தும் வேலையைத் தீர்வுச் செய்தியால் செய்ய முடியாது. இரண்டும் கேட்கிற கேள்விதான் வேறு.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கள்கிழமை போனால், வாடிய நெற்பயிரைக் கையில் பிடித்தபடி விவசாயிகள் மனுக் கொடுக்க நிற்பார்கள். பிரச்சினைச் செய்தி அங்கே தொடங்கும். தண்ணீர் ஏன் வரவில்லை, யார் பொறுப்பு, எத்தனை ஏக்கர் போச்சு, அதிகாரி என்ன சொல்கிறார். நியாயமான கேள்விகள். அடுத்த வருடமும் அதே பயிர், அதே மனு, அதே படம் வரும். இதைப் படிப்பவர் 'இது நம்ம தலையெழுத்து' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். செய்தியில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. அதே மழை பெய்து, அதே கால்வாயில் இருந்து நிரம்புகிற இன்னொரு குளத்தில் கடைமடை வயல் விளைந்திருந்தால் அதுவும் உண்மைதானே? அந்த ஊர்க்காரர்கள் மனுக் கொடுக்க வரமாட்டார்கள். அதனால் நிருபர் கண்ணில் படமாட்டார்கள்.

"நாலு தூண் நாலு தூண்னு சொல்றாங்களே, அது என்ன?"

ஒன்று, செய்த காரியம். ஆள் இல்லை, காரியம். இரண்டு, அது நடக்கும் விதம்: அடுத்த ஊர்க்காரர் படித்தால் தன் ஊரில் செய்து பார்க்கிற அளவுக்கு விவரம். மூன்று, ஆதாரம். நான்கு, குறைபாடு.

முதல் இரண்டும் எல்லாருக்கும் ஓரளவு வந்துவிடும். மூன்றிலும் நாலிலும்தான் நாம் வழுக்குகிறோம். எப்படி என்று கீழே என் சொந்தக் கதையில் பார்க்கலாம்.

"ஒரு நல்ல மனுஷனைப் பத்தி எழுதினா என்ன குறைஞ்சு போகும்?"

ஒரு குளத்தைச் சொந்தச் செலவில் தூர்வாரியவர் என்று ஒருவரைப் பற்றி முழுப்பக்கம் எழுதினேன். பல வருடம் ஆகிவிட்டது. கரையில் வேட்டியை மடித்துக் கட்டி அவர் நிற்கும் படம், பின்னால் ஜேசிபி. ஏகப்பட்ட பாராட்டு வந்தது. எட்டு மாதம் கழித்து அதே ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"எழுதினீரே வே, எவ்வளவு ஆழம் தோண்டுனாவன்னு பாத்தீரா?"

பார்க்கவில்லை. கூட்டிப்போய்க் காட்டினார். குளத்தின் நடுவில் ஆள் ஆழத்துக்கு மேலே பள்ளம், அதில் பச்சையாகத் தண்ணீர். மடைவாசல் அதைவிட உயரத்தில் காய்ந்து கிடக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கலாம், மீன் வளரும், சுற்றுக் கிணறு ஊறலாம். நெல்லுக்கு உதவாது. பள்ளத்து மண் எங்கே போயிற்று என்று கேட்டேன். கரம்பை கொஞ்சம் வயலுக்குப் போனது, மீதி லாரி லாரியாகச் செங்கல் சூளைக்கு. கரையை ஒட்டித் தோண்டிய ஒரு இடத்தில் கரை சரியவும் தொடங்கியிருந்தது.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. மடை மட்டம் என்ற ஒரு விஷயம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றதில் குளத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். நாயகன் கதையில் இதுதான் கெடுதல். அவருடைய மனசு எவ்வளவு பெரியது என்று எழுதியபிறகு, தோண்டிய ஆழத்தைக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றிவிடும்.

"எழுதற மாதிரி தீர்வு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிரச்சினைச் செய்திக்கு எடுத்த அதே பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள். ஒரே கால்வாயில் நிரம்பும் பத்துக் குளத்தில் எந்தக் குளத்து ஆயக்கட்டு, அதாவது அந்தக் குளத்தில் பாயும் வயல்பரப்பு, மோசம் என்று பார்த்திருப்பீர்கள். எது தேவலை என்று பாருங்கள். மழையும் மண்ணும் ஒன்றாக இருந்தும் ஒன்று மட்டும் தனியாக நின்றால் அங்கே பஸ் ஏறலாம்.

செய்திக்குறிப்பாக வந்து சேரும் தீர்வுகளை நான் கடைசியில்தான் தொடுவேன். சொல்லி அனுப்புகிற ஆள் குறையைச் சொல்லி அனுப்புவதில்லை.

"ஒரு மாதிரிக் கதையை முதலிலிருந்து கடைசி வரை வரைபடமாகப் போட்டுக் காட்ட முடியுமா?"

சரி. ஊர்ப் பெயர் வைக்கவில்லை. நம் பக்கத்துக் குளப்பாசனத்தில் வழக்கமாக இருக்கிற அமைப்பைக் கொண்டு கட்டிய பயிற்சிக் கதை இது, எண்களும் பயிற்சிக்கானவை. மேலக்குளம், கீழக்குளம் என்று இரண்டு, ஒரே கால்வாயில் நிரம்புகின்றன. கீழக்குளத்தில் பிசானம் என்ற நெற்பருவத்தில் கடைமடைக்குத் தண்ணீர் சேர்கிறது, மேலக்குளத்தில் சேரவில்லை. வயல் வயலாகத் தண்ணீரைப் பங்கு வைத்துப் பாய்ச்சுகிற ஆள்தான் நீர்பாய்ச்சி; கீழக்குளத்தார் நின்றுபோயிருந்த அந்த வேலையைச் சில வருடம் முன்பு திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதுதான் நம் கையில் இருப்பது.

எழுதுமுன் கேள்வியை ஒரே வரியில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்: 'நீர்பாய்ச்சியை வைத்ததால்தான் கடைமடை விளைகிறதா, அப்படியென்றால் எதனால்?' கட்டுரை முழுக்க இந்த வரிக்குப் பதில்.

தொடக்கம் கடைமடை வயலில், ராத்திரி. முறைத் தண்ணீர் பெரும்பாலும் ராத்திரியிலும் ஓடும், அப்போதுதான் திருட்டும் நடக்கும். நீர்பாய்ச்சி டார்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்காலில் நடக்கிறார். வாய்க்காலில் இருந்து ஒரு வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையில் இருந்த மண்ணை யாரோ ஒரு கை அகலம் விலக்கி வைத்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டு அடைத்து, காலால் மிதித்துவிட்டுப் போகிறார். இந்தக் காட்சி நீங்கள் நேரில் பார்த்ததாக இருக்க வேண்டும். சொல்லக் கேட்டதை வைத்துக் காட்சி கட்டக் கூடாது.

அடுத்து, பிரச்சினை. இதற்கு நாலு பத்தி போதும், ஆனால் தவிர்க்க முடியாது. மடையில் இருந்து முதல் வயலுக்குத் தண்ணீர் தானாக வருகிறது. கடைசி வயலுக்கு வர வேண்டுமானால் நடுவில் இருக்கும் அத்தனை பேரும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் இல்லாத குளத்தில் மேல்மடைக்காரர் தேவைக்கு மேல் பாய்ச்சுவார். கெட்ட எண்ணம் என்று இல்லை, நாளைக்கு வருமோ வராதோ என்ற பயம். மேலக்குளத்து விவசாயி ஒருவர் இங்கே பேச வேண்டும்.

மூன்றாவது, நடக்கும் விதம். கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். 'ஊர் ஒற்றுமையாக இருக்கிறது' என்று ஒருவர் சொல்வார். எழுதிவிடாதீர்கள். ஒற்றுமையை அடுத்த ஊர்க்காரன் எங்கே போய் வாங்குவான்? கேட்டுக் கேட்டுப் போனால் உள்ளே இருக்கும் பொறிகள் தெரியும். நம் கதையில் அவை மூன்று என்று வைத்துக்கொள்வோம். மடைக்கல்லில் ஒரு குறி இருக்கிறது, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிய அன்றே திறந்த பாய்ச்சல் நின்று முறைப் பாய்ச்சல் தொடங்கும். எப்போது தொடங்குவது என்பதைக் கல் சொல்கிறது, ஆள் சொல்வதில்லை, அதனால் சண்டை குறைவு. அடுத்தது, முறை கடைமடையில் இருந்து மேலே வருகிறது. மூன்றாவது, நீர்பாய்ச்சிக்குக் கூலி மாதச் சம்பளமாக இல்லாமல், அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று எல்லா வயலில் இருந்தும் வருகிறது. கடைமடை விளையாவிட்டால் அவர் கூலியும் குறையும்.

இந்த மூன்றில் எதை எடுத்துவிட்டால் மற்றது கவிழும் என்று ஊராரிடமே கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வரும். எல்லாரும் எதைச் சொல்கிறார்களோ அதுதான் கட்டுரையின் நெஞ்சு.

நாலாவது, ஆதாரம். கடைமடையில் 40 ஏக்கர். நீர்பாய்ச்சி வருமுன் சராசரியாக 18 ஏக்கரில் பிசானம் நட்டார்கள், வந்தபின் 33. 'கிட்டத்தட்ட இரண்டு மடங்கு' என்று தலைப்புப் போடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அதே வருடங்களில் மேலக்குளத்துக் கடைமடை 40 ஏக்கரில் 20 ஆக இருந்தது 28 ஆகியிருக்கிறது. அங்கே நீர்பாய்ச்சி கிடையாது. ஆக, 8 ஏக்கர் நல்ல மழை கொடுத்தது. கீழக்குளத்தில் கூடிய 15ல் அந்த 8ஐக் கழித்தால் 7 ஏக்கரைத்தான் புது ஏற்பாட்டின் கணக்கில் எழுதலாம், அதையும் 'இருக்கலாம்' போட்டுத்தான். ஏழு ஏக்கர் என்பது சின்ன எண் இல்லை. இரண்டு மூன்று குடும்பத்தின் வருடச் சாப்பாடு.

ஐந்தாவது குறைபாடு. அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது. அது முடிந்த இடத்தில் கட்டுரையும் முடியலாம். ஊராரை வாழ்த்தி ஒரு பத்தி தேவையில்லை.

"நட்ட ஏக்கர் கணக்கெல்லாம் எங்கே கிடைக்கும்?"

வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கலில். கிராமக் கணக்கு எண் 2 என்பது அதுதான். எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பருவத்தில், என்ன பயிர், என்ன பாசனம் என்று இருக்கும். கணக்கு பசலி ஆண்டில் போகும், ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். பசலி 1433 என்றால் 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை. வருடத்தை மாற்றிப் படித்துவிட்டால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும்.

நேரில் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். குளம் யாருடையது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். தப்பான ஆபீஸுக்கு எழுதினால் மனு அங்கும் இங்கும் சுற்றும்.

அடங்கலை அப்படியே நம்பவும் வேண்டாம். போன வருடத்துப் பயிரையே இந்த வருடமும் எழுதிவைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு பத்துச் சர்வே எண்ணைக் குலுக்கி எடுத்து வயலில் போய் நின்று பாருங்கள். போன வருடம் என்ன நட்டீர்கள் என்று உழுகிறவரிடமே கேளுங்கள். பத்தில் மூன்று ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கணக்கைக் கட்டுரையில் ஏற்றாதீர்கள்.

"எந்த வருஷத்தோட ஒப்பிடறதுன்னு யாராவது சொல்லித் தருவாங்களா?"

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் இப்போது இதில்தான் பெரிய குழி. 2023 டிசம்பர் 17, 18ல் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன, நட்ட பயிர் போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்தப் பிசானத்தை 'முன்பு' என்று வைத்து அடுத்த வருடத்தை 'பின்பு' என்று வைத்தால், ஒன்றுமே செய்யாத குளமும் முன்னேறியதாகத் தெரியும். மோசமான வருடத்துக்கு அடுத்த வருடம் எப்படியும் கொஞ்சம் தேறும். யார் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தாலும் பெயர் அவருக்குப் போய்விடும்.

முன்னால் மூன்று பசலி, பின்னால் மூன்று பசலி எடுத்துச் சராசரி பாருங்கள். வெள்ள வருடத்தைத் தனியாக வைத்து, தனியாகவே அதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.

"குறையை எழுதினா ஊர்க்காரங்க கோவிச்சுக்குவாங்களே?"

கோவிப்பார்கள். அதனால் குறையைக் கடைசி நாளில் கேட்காதீர்கள், முதல் நாளே கேளுங்கள். "அண்ணாச்சி, இதுல உங்களுக்கே திருப்தி இல்லாதது எது?" என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள். செய்கிறவனுக்குத்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

கீழக்குளத்தில் நான் தேடுவது இவை. கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் பட்டாதாரர்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவருக்குக் குரல் உண்டா? பட்டா பெண்ணின் பெயரில் இருந்தால் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவர் முறையில் பங்கும் எடுத்து, குளத்து ஊற்றையும் உறிஞ்சுகிறாரா?

அப்புறம், சாதி. நீர்பாய்ச்சி வேலைக்கு மடைக்குடும்பன் என்றும் பெயர் உண்டு. பல ஊரில் ஒரு சமூகத்தாரே தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. பழைய ஏற்பாடு திரும்பி வந்தது என்று நாம் பூரிப்போடு எழுதும்போது, அதோடு பழைய அதட்டலும் திரும்பி வந்ததா என்று கேட்க வேண்டும். இந்த வேலையை யார் தேர்ந்தெடுத்தார், அவரா, ஊரா? தப்புச் செய்த பெரிய பட்டாதாரரின் வாமடையை அவரால் அடைக்க முடிகிறதா, அடைத்துவிட்டு மறுநாள் தெருவில் நடக்க முடிகிறதா? நெல்லுக்கூலி ஒழுங்காக வருகிறதா, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதா? இதை அவரிடம் தனியாக, குளத்தில் இருந்து தள்ளி, ஊர்த் தலைவர் கூட இல்லாமல் கேளுங்கள். பதில் அவருக்கு ஆபத்து என்றால் பெயரும் அடையாளமும் இல்லாமல் எழுதுங்கள்.

மழையே இல்லாத வருடத்தில் இந்த ஏற்பாடு ஒன்றும் செய்யாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இருக்கும் தண்ணீரைப் பங்கு வைக்கிற வழி இது. தண்ணீரை உண்டாக்குகிற வழி இல்லை.

"இதுக்கெல்லாம் எத்தனை நாள் ஆகும்? டெஸ்க்ல ஒத்துக்குவாங்களா?"

வயலில் நாலைந்து நாள், கணக்குக்கு ஒரு மாதக் காத்திருப்பு. காத்திருக்கும் மாதத்தில் வழக்கமான வேலையைப் பார்க்கலாம். டெஸ்க்கில் 'பாசிட்டிவ் ஸ்டோரி' என்று சொல்லிக் கேட்டால் ஞாயிறு இணைப்பில் ஓரமாகப் போடுவார்கள். 'ஒரே கால்வாய், ஒரு குளம் விளையுது, ஒரு குளம் காயுது, ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள்.

"அதிகாரிகள் இதைக் காட்டித் தப்பிச்சுட மாட்டாங்களா? 'பாருங்க, மக்களே பாத்துக்கறாங்க'ன்னு?"

தப்பிக்கப் பார்ப்பார்கள். ஊராரே குளத்தைப் பராமரிக்கும் குடிமராமத்தை அரசு 2017ல் திரும்பக் கொண்டுவந்தபோதும் இந்தச் சந்தேகம் பலருக்கு வந்தது. எனவே ஊரார் செய்வது எது, அரசு மட்டுமே செய்யக் கூடியது எது என்று கட்டுரைக்குள்ளேயே கோடு போட்டுவிடுங்கள். வாமடையை அடைக்க நீர்பாய்ச்சி போதும். ஓட்டை விழுந்த மடை ஷட்டரை மாற்றவும், மறுகால் ஓடையில் இருக்கும் ஆக்கிரமிப்பை எடுக்கவும் அவரால் முடியாது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேலக்குளத்துக்காரர் அடுத்த திங்கள்கிழமை மனுவோடு போகும்போது அதிகாரி 'மழை பத்தலை, நாங்க என்ன செய்ய' என்றுதான் வழக்கமாகச் சொல்வார். இந்த முறை மனுதாரர் கையில் கீழக்குளத்துக் கணக்கும் இருக்கும். அதே மழைதான் அங்கேயும் பெய்தது என்று அதில் எழுதியிருக்கும்.